நிறுத்திவைக்கப்பட்ட உத்தியோகம்

2022-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், உத்தியோகம் மாற விரும்பிச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக் காரியாலயங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பலருக்கும் ஒரே மாதிரியான அனுபவம் வாய்த்தது. நேர்முகத் தேர்வின் சுற்றுகளெல்லாம் ஒழுங்காக நடந்தேறும். கேள்வி கேட்டவர்கள் திருப்தியோடு தலையசைப்பார்கள். பிறகு ஒரு நாள், அந்த ஸ்தானமே தற்சமயம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்ற சமாசாரம் வந்து சேரும். இதற்கான காரணம் நம் ஊரில் இல்லை. அமெரிக்காவின் மத்திய வங்கி அந்த ஒரே வருஷத்தில் ஏழு தடவை வட்டி விகிதத்தை உயர்த்தி, பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த விகிதத்தை டிசம்பர் மாதத்தில் 4.25 முதல் 4.50 சதவிகிதம் வரையில் கொண்டுபோய் நிறுத்தியது. பணத்தின் விலை ஏறியதும் பெரிய ஸ்தாபனங்கள் தங்கள் செலவுகளை மறுபடி எண்ணிப் பார்க்க ஆரம்பித்தன. நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்குவதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அப்படி அறிவிக்காத ஸ்தாபனங்களும், இருப்பவர்களை அனுப்புவதைவிடப் புதியவர்களை எடுக்காமல் இருப்பது சுலபம் என்று கண்டு, ஆள் எடுக்கும் காரியத்தை ஓசையில்லாமல் நிறுத்தின.

அந்தச் சமயத்தில் நான் ஒரு நிதி ஸ்தாபனத்தில் கணக்கு ஒப்புநோக்கும் பிரிவில் வேலை பார்த்துவந்தேன். இரு புறத்துப் பதிவேடுகளையும் எதிரெதிரே வைத்து, ஒத்துப்போகாத தொகைகளைத் தேடிப் பிடித்து, அவற்றுக்குக் காரணம் கண்டெழுதுவது என் தொழில். அதே தொழிலில் ஒரு படி மேலான ஸ்தானத்துக்கு, வெளிநாட்டு வங்கியொன்றின் சென்னைக் கிளைக் காரியாலயத்தில் ஆள் தேடுவதாக ஒரு கன்சல்டன்சியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கடைசிச் சுற்று, கம்ப்யூட்டர்த் திரையில் மூன்று முகங்களோடு நடந்தது. முடியும் தறுவாயில், அவர்களுள் மூத்தவராகத் தோன்றியவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களோடு பேசியது எங்களுக்குத் திருப்தி. ஆனாலும் மறைக்க விரும்பவில்லை. இந்த வாரத்திலிருந்து இந்த ரோல் ஹோல்டில் இருக்கிறது. அடுத்து என்ன என்பதை ரெக்ரூட்டர் உங்களுக்குச் சொல்வார்" என்றார். ஒளிவுமறைவில்லாமல் சொன்ன அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டாயிற்று. ஆனால் அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் மட்டும் அவ்வளவு உண்மையல்ல என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அடுத்து என்ன என்பது ரெக்ரூட்டருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த விஷயங்கள் வேறு, அவற்றைக் கேட்டு வாங்கும் விதமும் வேறு.

ரெக்ரூட்டர் என்று நான் சொல்வது, கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு சென்னைக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துவந்த ஒரு பெண்மணியை. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. குரலில் எப்போதும் ஒரு அவசரமும் அந்த அவசரத்தை மறைக்கும் பணிவும் இருக்கும். அவர் அந்த வங்கியின் உத்தியோகஸ்தர் அல்லர் என்பதை இங்கே அவசியம் சொல்லவேண்டும், ஏனென்றால் விண்ணப்பம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. கன்சல்டன்சி என்பது கல்யாணத் தரகரைப் போன்றது. இரு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தாலும், தாலி ஏறினால்தான் அதற்குக் காசு. நம் நாட்டில் அந்தக் காசு பெரும்பாலும் ஆளின் வருஷ ஊதியத்தில் 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். எனக்குப் பேசப்பட்ட ஸ்தானத்துக்கு வருஷத்துக்குப் பதினெட்டு லட்சம் வரை கொடுக்கலாம் என்றிருந்தார்கள். அந்தக் கணக்கில் நான் வேலையில் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஒன்றரை லட்சம் கிடைக்கும். சேராவிட்டால் என்னோடு பேசிய மணிக்கணக்கான நேரத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது. ஆகவே அந்தப் பெண்மணிக்கு என்மேல் அக்கறை இருந்தது நிச்சயம். ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு ஸ்தானத்தின்மேல் செலவிடும் ஒவ்வொரு நிமிஷமும், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு ஸ்தானத்திலிருந்து திருடிய நிமிஷம் என்பதும் அவருக்கு நிச்சயம்.

அன்று சாயங்காலமே அவரை அழைத்து, எல்லாரும் கேட்பதுபோலவே, "அடுத்து என்ன மேடம்?" என்று கேட்டேன். "சார், பேனல் ரொம்ப ஹேப்பி. ஆனா ரெக் ஹோல்டுல போயிடுச்சு. ஏதாவது அப்டேட் வந்தா நானே கால் பண்றேன் சார்" என்றார். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் நான் மறுநாள் காலையில் என்ன செய்யவேண்டும் என்பதற்கு உபயோகப்படுகிற வார்த்தையும் இதில் ஒன்றில்லை. காத்திருப்பதா, வேறு இடம் பார்ப்பதா, இப்போது இருக்கும் வேலையில் புதிய பொறுப்பொன்றை ஏற்றுக்கொள்வதா என்ற மூன்று யோசனைகளும் அன்றிரவு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தன.

என் பெரியப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் ஆபீஸராக நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எடுக்கும் காகிதம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்கு நகரும், எங்கே படுத்துத் தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது இந்த விருத்தாந்தத்தைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நின்னது பதவியா, நீயா? அதை முதல்ல கேளுடா. மிச்சத்தை அப்புறம் பேசலாம்" என்றார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கிய பிறகே விளங்கிற்று. எந்த ஸ்தாபனத்திலும் ஓர் ஆளை எடுப்பதற்கு முன்னால், எடுக்க அனுமதி கேட்டு ஒரு படிவம் எழுதப்படுகிறது. அவர் காலத்தில் அது மூன்று நகலோடு தட்டெழுத்தில் போகும். இக்காலத்தில் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணோடு பதிவாகிறது. அதைத்தான் அந்தப் பெண்மணி ரெக் என்று சுருக்கமாகச் சொன்னார், ரெக்விசிஷன் என்பது முழுப் பெயர். ஆளைக் கேட்கும் மானேஜர் அதை எழுப்புவார். அவருடைய பிரிவின் தலைவர் ஒப்புக்கொள்வார். நிதி இலாகா பட்ஜெட்டில் இடமிருக்கிறதா என்று பார்க்கும். பிறகுதான் அது மனிதவள இலாகாவுக்கு வந்து, அங்கிருந்து கன்சல்டன்சிகளுக்குத் திறந்துவிடப்படும். விண்ணப்பித்த ஒவ்வொருவரும் அந்த எண்ணின் கீழே ஒரு வரியாகத் தொங்குவார்கள். எண்ணுக்கு ஒரு நிலை உண்டு. வரிக்கும் தனியாக ஒரு நிலை உண்டு. நிறுத்தம் எண்ணில் விழுந்ததா, வரியில் விழுந்ததா என்பதில்தான் சகல விஷயமும் அடங்கியிருக்கிறது.

எண்ணில் விழுந்த நிறுத்தமானால் அதன் கீழே தொங்கும் எல்லாருக்கும் ஒரே கதிதான். பணம் நின்றிருக்கும், அல்லது பிரிவையே மாற்றியமைக்கும் யோசனை மேலிடத்தில் நடந்துகொண்டிருக்கும், அல்லது வேறொரு பிரிவில் உபரியாகிவிட்ட பழைய ஊழியர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைக்க ஏற்பாடு நடக்கும். வரியில் விழுந்த நிறுத்தம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஸ்தானம் திறந்தே இருக்கிறது. வேறொருவரை முதலாவதாகத் தேர்ந்து அவரோடு சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் மறுத்தால் நமக்குச் சொல்லலாமென்று நம்மை இரண்டாவதாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் சர்வசாதாரணமாக இருப்பதால், முதலாமவர் கடைசிவரை வருவதாகச் சொல்லிவிட்டுச் சேரும் நாளில் வராமல் போவதும் உண்டு. ஆகவே இந்த இரண்டாமிடத்துக் காத்திருப்பு சில சமயம் மாதக்கணக்கில் நீளும். இன்னும் ஒரு வகையும் இருக்கிறது. முகத்துக்கு நேரே நிராகரிக்கக் கூச்சப்பட்டு, ஸ்தானம் நின்றுவிட்டது என்று தாட்சண்யமாகச் சொல்லி அனுப்புவது அது.

இவற்றைப் பிரித்தறிய வெளியே இருக்கும் நமக்குச் சில அடையாளங்கள் கிடைக்காமல் போவதில்லை. கம்பெனியின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் அதே எண்ணுள்ள விளம்பரம் புதிய தேதியோடு இருக்குமானால், நின்றது பதவியல்ல. வேறு கன்சல்டன்சிகள் அதே ஸ்தானத்துக்கு நம் சிநேகிதர்களை அழைத்துக்கொண்டிருந்தால், அதுவும் அப்படியே. விளம்பரம் எடுக்கப்பட்டு, ஒரே பிரிவின் பல ஸ்தானங்கள் ஒரே வாரத்தில் மறைந்திருந்தால், அது பணத்தின் வேலை. ஆனாலும் வேலை தேடும் பொது இணையதளங்களில் கிடக்கும் விளம்பரத்தை நம்பக்கூடாது. அது எடுப்பாரின்றி அங்கேயே கிடக்கும் வழக்கம் உண்டு. எனக்கு வந்த செய்தியில் எண்ணே நிறுத்தப்பட்டதாகத் தோன்றியது, கம்பெனியின் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் அந்தப் பெண்மணியின் வாயாலேயே கேட்டுக்கொள்வது நல்லதென்று பட்டது.

மறுபடி தொலைபேசியில் அழைத்தால் அதே பதில்தான் வரும் என்பதால், இந்தத் தடவை எழுத்தில் கேட்டேன். கேள்விகள் எல்லாம் அவர் திரையைப் பார்த்துச் சொல்லக்கூடியவையாகவோ, வங்கியின் மனிதவள இலாகாவில் அவரோடு தொடர்புள்ள ஒருவரிடம் ஒரே வரியில் கேட்டுச் சொல்லக்கூடியவையாகவோ இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். ரெக்விசிஷன் எண் அப்படியே நிறுத்தத்தில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா? இது புதிதாக உண்டாக்கிய ஸ்தானமா, யாரோ விலகிப்போன இடமா? கடைசிச் சுற்றில் இருந்த மூவரும் தங்கள் அபிப்பிராயத்தைப் பதிவு செய்துவிட்டார்களா? நிறுத்தத்தை மறுபடி எப்போது பரிசீலிப்பார்கள், யார் பரிசீலிப்பார்கள்? திரும்பத் திறந்தால் நான் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, ஆரம்பத்திலிருந்து வரவேண்டுமா? இவ்வளவுதான். எப்போது வேலை கொடுப்பீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லாதபோது, அதைக் கேட்பது அவரைச் சங்கடப்படுத்துவதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாது.

இரண்டாவது கேள்வியை நான் ஏன் சேர்த்தேனென்றால், யாரோ விலகிப்போன இடத்துக்குப் பட்ஜெட்டில் சம்பளம் ஏற்கெனவே இருக்கிறது, அந்த வேலையும் யாருடைய தலையிலாவது விழுந்துகொண்டிருக்கிறது. வேலைப் பளுவால் அழுத்தப்படும் மானேஜர் மேலிடத்தை நச்சரித்து அதைத் திறக்கவைப்பார். புதிதாக உண்டாக்கிய ஸ்தானத்துக்கு அந்த நச்சரிப்பு இராது, இதுவரை இல்லாத ஆள் இன்னும் சில மாதம் இல்லாவிட்டால் யாருக்கும் வலிப்பதில்லை. பணம் சுருங்கும்போது நிதி இலாகாவின் கை முதலில் போகுமிடம் அதுவே. மேலும், வருஷத்துக்கென்று ஒதுக்கிய புதிய ஸ்தானங்கள் அந்த வருஷத்துக்குள் நிரம்பாவிட்டால் காலாவதியாகிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அமெரிக்க ஸ்தாபனங்கள் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கணக்கு வைத்துக்கொள்பவை. நம்மவர்கள் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை. நவம்பர் மாதத்தில் நிறுத்தப்பட்ட ஒரு புதிய ஸ்தானத்துக்கு, எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கம்பெனியில் அது இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆயுள் வேறுபடும்.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. ஆனால் வந்த பதில் பூர்த்தியாக இருந்தது. எண் நிறுத்தத்தில்தான் இருக்கிறது, ரத்தாகவில்லை. ஸ்தானம் புதியது, அந்தப் பிரிவுக்கென்று அனுமதித்த ஐந்தில் ஒன்று, ஐந்தும் சேர்ந்தே நின்றிருக்கின்றன. பரிசீலனை ஜனவரி மத்தியில், புது வருஷ பட்ஜெட் வந்த பிறகு நடக்கும். முடிவு செய்பவர் சென்னையில் இல்லை. பேனலில் இருவர் என்னைத் தேர்ந்ததாகப் பதிவு செய்துவிட்டார்கள். மூன்றாமவர் இன்னும் எழுதவில்லை. எல்லார் பதிவும் இருந்தால், திரும்பத் திறக்கும்போது சுற்றுகளை மறுபடி நடத்தவேண்டியதில்லை.

இதில் மூன்றாமவரைப் பற்றிய செய்தியே எனக்கு மிகவும் பிரயோஜனமாக இருந்தது. ஸ்தானம் நின்றுவிட்டது என்று தெரிந்ததும், இனி எதற்கு எழுதுவதென்று பேனலில் உள்ளவர்கள் சும்மா இருந்துவிடுவது இயல்பு. இரண்டு மாதம் கழித்து அதைத் திறக்கும்போது, அவர் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார், அல்லது வேலையையே விட்டிருப்பார், அல்லது என் முகமே மறந்திருப்பார். பதிவில்லாத சுற்று நடவாத சுற்றாகவே கருதப்படும். ஸ்தானம் என் கையிலும் இல்லை, அந்தப் பெண்மணியின் கையிலும் இல்லை. அந்த ஒரு பதிவு மட்டும் கேட்டால் கிடைக்கக்கூடிய பொருளாக இருந்தது. ஆகவே, "கிறிஸ்துமஸ் லீவு ஆரம்பிப்பதற்குள் அதை மட்டும் வாங்கி வைத்துவிட முடியுமா மேடம்?" என்று கேட்டேன். "அது நான் ஃபாலோ பண்றேன் சார், அது ஈஸி" என்றார். அவர் குரலில் அந்தத் தடவை ஒரு உற்சாகம் தெரிந்தது; தம்மால் செய்ய முடிகிற ஒன்றை ஒருவர் கேட்டாரே என்ற உற்சாகம் அது. டிசம்பர் பாதியில், மூன்றாவது பதிவும் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்.

இன்னொரு விஷயத்தையும் அவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன். ஒரு கன்சல்டன்சி நம் விவரத்தை ஒரு கம்பெனியில் பதிவு செய்துவிட்டால், குறிப்பிட்ட காலம் வரை அந்தக் கம்பெனியைப் பொறுத்தமட்டில் நாம் அவர்கள் கொண்டுவந்த ஆளாகவே கருதப்படுவோம். வேறொரு கன்சல்டன்சி மூலம் அதே கம்பெனிக்குப் போனால், தரகுத் தொகை யாருக்கு என்ற வழக்கு வந்து, கம்பெனி இரண்டு விண்ணப்பத்தையும் ஒதுக்கிவிடுவதும் நடக்கும். எனக்கு அந்தக் காலம் ஆறு மாதம் என்றார். அப்படியானால் அதே வங்கியில் வேறு எண்ணின் கீழே எனக்கு ஏற்ற ஸ்தானம் திறந்தாலும், அவர் வழியாகவே போகவேண்டும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் என் பெயரை அங்கே மாற்றிவைக்கும்படி கேட்டுக்கொண்டேன். மற்றக் கம்பெனிகளுக்கு நான் விண்ணப்பிப்பதில் அவருக்கு ஆட்சேபணை இருக்கவும் நியாயமில்லை, இருக்கவுமில்லை.

இப்படிக் கேட்டு அறிந்ததன் பயனாக, காத்திருப்பதற்கு ஓர் எல்லை எனக்குக் கிடைத்தது. ஜனவரி மத்தி வரை அந்த வங்கியை நினைப்பதில்லை என்று தீர்மானித்து, வேறு இடங்களுக்கு விண்ணப்பங்களைத் தொடர்ந்து அனுப்பினேன். இருந்த வேலையில் வந்த புதிய பொறுப்பையும் ஏற்றுக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அதே பருவத்தில் நேர்ந்ததை அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு வேறொரு கம்பெனியில் எல்லாச் சுற்றும் முடிந்து, சம்பளமும் வாய்மொழியாகப் பேசியாகிவிட்டது. மூன்று மாத நோட்டீஸை நினைத்து, ஒரு வாரம் முந்தினால் ஒரு வாரம் முன்னால் போய்ச் சேரலாமே என்று, ஆஃபர் லெட்டர் கைக்கு வருமுன் ராஜிநாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டார். கடிதம் போன நான்காம் நாள், அங்கே ஸ்தானம் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. ராஜிநாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எங்கள் மானேஜர் நல்ல மனத்தோடு சம்மதித்தார்; ஆனால் அந்த வருஷத்துச் சம்பள உயர்வின்போது, போக இருந்தவர் என்ற ஞாபகம் யாருக்கோ இருந்தது என்பது உயர்வின் அளவைப் பார்த்தபோது தெரிந்தது. வாய்மொழிச் சம்மதத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே ஸ்தானம் நிற்கக்கூடும் என்பதை ரெக்ரூட்டரிடம் கேட்டறிவதற்கு அவசியமே இல்லை. அது எப்போதும் நிற்கக்கூடியதே.

ஜனவரி மத்தி வந்து போயிற்று. அழைப்பு வரவில்லை, நான் எதிர்பார்க்கவுமில்லை. இரண்டு மூன்று நாள் விட்டு, பரிசீலனை முடிந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கேட்டேன். அன்று மாலையே அவர் அழைத்தார். "சார், அந்த ரெக் க்ளோஸ் பண்ணிட்டாங்க. அஞ்சுமே போச்சு. புது வருஷத்துல ரெண்டு பொசிஷன் வரும்னு சொல்றாங்க, ஆனா பேண்ட் ஒண்ணு கீழ இருக்கும்போல" என்றார். அதாவது, நின்றிருந்த எண் இறந்துவிட்டது. அதே வேலைக்கு வேறு எண்ணில், ஒரு படி தாழ்ந்த தரத்தில், ஆளெடுக்கப் போகிறார்கள். நின்ற ஸ்தானங்கள் திரும்பி வரும்போது இப்படி உருமாறி வருவது அபூர்வமல்ல. பதினெட்டு லட்சத்துக்கு அனுமதி கேட்டால் மறுக்கும் நிதி இலாகா, பதினாலரை லட்சத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடும். மானேஜருக்கு ஆள் வேண்டும், ஆகவே அவரும் அந்தச் சமரசத்துக்கு உடன்படுவார். வெளியே நிற்பவருக்கு மட்டும், அதே ஸ்தானம் திரும்பத் திறந்துவிட்டது என்று செய்தி வரும். தரம் தாழ்ந்த விஷயம் சம்பளம் பேசும் கட்டத்தில்தான் தலைகாட்டும்.

அதனால் பிப்ரவரியில் அந்தப் பெண்மணி மகிழ்ச்சியோடு அழைத்து, புதிய எண் திறந்துவிட்டதென்றும், பழைய பதிவுகள் மூன்றும் செல்லும் என்று மனிதவள இலாகா ஒப்புக்கொண்டுவிட்டதென்றும், இனிச் சம்பளப் பேச்சு ஒன்றே பாக்கியென்றும் சொன்னபோது, நான் முதலில் கேட்டது பேண்டும் அதன் உச்ச வரம்பும்தான். அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தத் தொகை நான் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததற்குச் சிறிதே மேல். பதவிப் பெயரோ நான் ஏற்கெனவே வகித்துவந்ததே. இதற்கிடையில் வேறொரு கம்பெனியின் கடிதம் என் கைக்கு வந்து, நோட்டீஸ் காலமும் ஓட ஆரம்பித்திருந்தது. அதைச் சொல்லி, இந்த ஸ்தானத்தை ஏற்பதற்கில்லை என்று தெரிவித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்து முடித்தார் என்று பிறகு அறிந்தேன். அவர் செருப்புத் தேய்ந்தது வீண்போகவில்லை என்பதில் எனக்கும் திருப்தி.

புதிய இடத்தில் சில காலம் கழித்து, ஆள் கேட்டுப் படிவம் எழுப்புவதும் பேனலில் உட்காருவதும் என் வேலையில் சேர்ந்தன. அப்போதுதான் அந்தத் திரையை மறுபுறத்திலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. நிறுத்தம் எப்படி வருகிறது தெரியுமா? விவாதமாகவோ விளக்கமாகவோ வருவதில்லை. நிதி இலாகாவிலிருந்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வருகிறது, அதற்குள்ளேயே என் எண்ணுக்கு எதிரே நிலை மாறியிருக்கிறது. காரணத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அடிக்குறிப்பு. திரும்பத் திறக்கும் தேதியை விண்ணப்பதாரருக்கு வாக்காகக் கொடுக்கவேண்டாம் என்றும் மனிதவள இலாகா ரெக்ரூட்டர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. கொடுத்த தேதி தவறினால் பழி ஸ்தாபனத்துக்கு வரும் என்பது அவர்கள் பயம். "அப்டேட் வந்தா சொல்றேன்" என்ற வாக்கியம் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்மணியின் சோம்பலில் பிறந்ததல்ல, இப்படி இரண்டு மூன்று கட்டளைகளின் நடுவே அவருக்கு மிச்சமிருந்த இடம் அவ்வளவே என்பது அப்போது விளங்கிற்று. ஆனால் பரிசீலனை எந்தக் காலாண்டில் நடக்கும் என்பதைச் சொல்ல யாரும் தடை விதிக்கவில்லை. பதிவு இருக்கிறதா இல்லையா என்பதையும், எண் உயிரோடிருக்கிறதா என்பதையும் அப்படியே. விண்ணப்பதாரர்கள் கேட்காததனால்தான் இவை சொல்லப்படாமல் போகின்றன.

போன வருஷம் என் பிரிவில் ஓர் எண் அப்படி நின்றபோது, கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தவர் மதுரைக்காரர், நல்ல திறமைசாலி. அவரிடம் ரெக்ரூட்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விலகிப்போன ஒருவரின் இடம் இது, புதியதல்ல. என் அபிப்பிராயத்தை இன்று மாலைக்குள் பதிவு செய்துவிடுவேன். ஏப்ரல் முதல் வாரத்தில் பரிசீலனை. அது வரை உங்கள் வேலையை விடவேண்டாம், வேறு இடம் வந்தால் எங்களுக்காக மறுக்கவும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஏப்ரல் முதல் வாரம் தாண்டி ஒரு தடவை கேக்கலாமா சார்?" என்றார். "ஒரு தடவை தாராளமா கேளுங்க, அதுக்கும் பதில் வரலைன்னா, வரலைங்கறதே பதில்னு வெச்சுக்குங்க" என்றேன். ஏப்ரலில் எண் திறக்கவில்லை. அவர் கேட்டார், நானே பதில் சொன்னேன். இப்போது அவர் வேறொரு கம்பெனியில், எங்களுக்கு எட்டாத சம்பளத்தில் இருக்கிறார். அந்த நாற்காலிக்கு உரிய வேலையை இன்றுவரை நானும் இன்னொருவரும் பங்கிட்டுப் பார்த்துவருகிறோம்.